பக்கத்து வளவில் மாடி எழும்புகிறது, நம் வீட்டுச் சுவர் வெடிக்கிறது: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கிளிநொச்சி நகரை ஒட்டிய ஏ-9 வீதிக்கரைக் காணிகளில் பல ஒரு காலத்தில் வயல். மேலே கிரவல் நிரப்பு, அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அதற்கும் கீழேதான் கடினமான மண். இந்த நிலத்தில் கருங்கல் அத்திவாரம் போட்டுக் கட்டிய ஒரு மாடி வீடு இருபது வருடம் அசையாமல் நிற்கும். பக்கத்து வளவில் நாலு மாடிக் கடைத்தொகுதி எழும்பியதும் அந்த வீட்டின் ஒரு கரை இறங்கத் தொடங்கும். புதுக் கட்டிடம் வீட்டைத் தொட்டிருக்காது, அத்திவாரத்தைத் தோண்டியிருக்காது, ஒரு கல்லைக்கூடப் பெயர்த்திருக்காது. அதனால்தான் வீட்டுக்காரரும் கட்டுபவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு அத்திவாரத்துக்குக் கீழேயும் மண்ணில் ஓர் அழுத்தக் குமிழ் உண்டு. பாரம் நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை, ஆழம் போகப்போகப் பக்கவாட்டிலும் விரிகிறது. குமிழின் அளவைத் தீர்மானிப்பது அத்திவாரத்தின் அகலம். இரண்டடி அகலக் கருங்கல் அத்திவாரத்தின் அழுத்தம் மூன்று நாலு மீற்றர் ஆழத்துக்குள் ஏறத்தாழத் தீர்ந்துவிடும். கட்டிடம் முழுவதற்கும் கீழே ஒரே பலகையாகப் போட்ட 12 மீற்றர் அகலத் தட்டு அத்திவாரத்தின் அழுத்தமோ 20 மீற்றருக்குக் கீழேயும் பத்தில் ஒரு பங்கு உயிரோடு இருக்கும். பழைய வீடு அதுவரை அசைக்காத களியைப் புதுக் கட்டிடம் அசைக்கிறது. அந்தக் களியின் ஒரு பகுதி நம் சுவருக்குக் கீழேதான் கிடக்கிறது. இரண்டு குமிழ்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் களி கூடுதலாக நசுங்கும். வீட்டின் அந்தக் கரை மட்டும் இறங்கும், மற்றக் கரை நின்ற இடத்தில் நிற்கும்.

ஆனால் பக்கத்தில் மாடி எழும்பும்போது வரும் எல்லா வெடிப்புக்கும் இது காரணமல்ல. கிடங்கு வெட்டியது, தண்ணீர் இறைத்தது, கோடையில் களி சுருங்கியது என்று வேறு மூன்று காரணங்களும் இதே முகத்தோடு வரும். நாலுக்கும் வைத்தியம் வேறுவேறு. பிரித்தறிய அளவு வேண்டும்.

முதலில் அளவு எடுக்க வேண்டியவை

தேவையான சாமான் வீட்டிலேயே இருக்கும், அல்லது ஹாட்வெயாரில் வாங்கலாம்: 15 மீற்றர் தெளிவான பிளாஸ்ரிக் குழாய், தூக்குக்குண்டு, மில்லிமீற்றர் அளவுகோல், கொங்கிறீற் ஆணி, பென்சில்.

புதுக் கட்டிடத்துக்கு எதிரே உள்ள சுவரில் இரண்டு மூலையிலும், வீட்டின் நடுவில், தூரத்துச் சுவரில் என நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் ஆறு ஆணி அடியுங்கள். பழைய வீட்டில் எதுவும் முதலிலிருந்தே மட்டமாக இருக்காது. ஆகவே ஆணிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. தூரத்து மூலை ஆணியை ஆதாரமாக வைத்து, குழாய்த் தண்ணீர் மட்டத்தால் மற்ற ஐந்தும் அதைவிட எத்தனை மில்லிமீற்றர் மேலே அல்லது கீழே என்று எழுதிவையுங்கள். அன்றைய கணக்குத்தான் சுழியம். அதன் பிறகு அந்த எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்பது மட்டுமே முக்கியம். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அளவு பொய்யாகும். வெயிலில் கிடந்த பாதி சூடாகி, நிழலில் கிடந்த பாதி குளிர்ந்திருந்தாலும் பொய்யாகும். காலை ஏழு மணிக்கு எடுங்கள். கவனமாக எடுத்தால் இரண்டு மில்லிமீற்றருக்குள் நம்பலாம்.

தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியில் அடித்த ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, குண்டு தண்ணீர் வாளிக்குள் மூழ்கும்படி வையுங்கள், ஆட்டம் அடங்கும். மேலேயும் கீழேயும் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளியை அளந்து கழியுங்கள். மூன்று மீற்றர் உயரத்தில் 10 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் சாய்வு முந்நூறில் ஒன்று.

வெடிப்புக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் அசைந்தது தெரியும், எவ்வளவு, எந்தத் திசையில் என்று தெரியாது. வெடிப்பின் ஒரு பக்கம் இரண்டு ஆணி, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக அடித்து, ஆணித்தலைகளுக்கு இடையே வேணியரால் அளந்தால் திறப்பும் தெரியும், வழுக்கலும் தெரியும். வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள்.

இதையெல்லாம் பக்கத்து வளவில் முதல் லொறிக் கிரவல் கொட்டுமுன் செய்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. திகதியோடு சுவர்ப் படங்களும் எடுத்து, ஒரு பிரதியைக் கட்டுபவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இது அவருக்கும் பாதுகாப்பு, ஏற்கெனவே இருந்த வெடிப்பை அவர் தலையில் பின்னர் யாரும் கட்ட முடியாது.

அறிகுறி: மாடிகள் ஏற ஏற, புதுக் கட்டிடப் பக்கம் மூலைவிட்ட வெடிப்பு

எல்லைக்குச் செங்குத்தாக ஓடும் சுவர்களைப் பாருங்கள், அதாவது புதுக் கட்டிடத்தை நோக்கிப் போகும் பக்கச் சுவர்களை. வெடிப்பு கீழே வீட்டின் உட்பக்கமாகத் தொடங்கி, மேலே ஏற ஏறப் புதுக் கட்டிடத்தை நோக்கிச் சாயும். பெரும்பாலும் யன்னல் அல்லது கதவு மூலையைப் பிடித்துக்கொண்டு போகும். கீழே மயிரிழை, மேலே அகலம். எல்லைப் பக்கச் சுவர் புதுக் கட்டிடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கதவு நிலையின் ஒரு மேல்மூலையில் கதவு இறுகும், எதிர் மூலையில் இடைவெளி தெரியும்.

எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சந்தேகமிருந்தால் வெடிப்புக்குச் செங்குத்தாகச் சுவரில் ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோட்டின் கீழ் நுனி காட்டும் பக்கம்தான் இறங்கும் பக்கம். அந்த நுனி புதுக் கட்டிடத்துக்கு எதிர்த் திசையைக் காட்டினால் இந்தக் கட்டுரையின் காரணத்தை விட்டுவிட்டு உங்கள் மலக்குழியையும் கூரை வாய்க்காலையும் பாருங்கள்.

எண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுவோம். புதுக் கட்டிடம் நாலு மாடி, 12 மீற்றர் அகலம், எல்லை ஓரமாக 18 மீற்றர் நீளம். மாடிக்குச் சதுர மீற்றருக்கு ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூட, அதோடு தட்டு அத்திவாரத்தின் பாரம், தோண்டி எடுத்த மண்ணின் பாரத்தைக் கழித்தால் நிலத்துக்குப் புதிதாக வருவது சதுர மீற்றருக்குச் சுமார் 5 தொன். கீழே 4 மீற்றர் தடிப்புக் களி. நம் வீட்டின் கிட்டச் சுவர் புது அத்திவார விளிம்பிலிருந்து 1 மீற்றர்.

களியின் நடு ஆழம் 2 மீற்றர். அந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்று பார்க்க, அகலமான கட்டிடத்தின் விளிம்புக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
σ = (q/π) × (θ − sinθ × cosθ)
θ = atan(z/x)
```

σ கூடும் அழுத்தம், q புதுப் பாரம், x விளிம்பிலிருந்து வெளியே உள்ள தூரம், z ஆழம், θ ரேடியனில். புதுக் கட்டிடத்தின் அகலமும் நீளமும் ஆழத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் மட்டுமே இது சரி. தனித்தனித் தூண் அத்திவாரத்துக்கு இதைப் போடக்கூடாது. இரண்டு மீற்றர் ஆழத்துக்குப் பாரம் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றர் விரியும் என்று எடுக்கும், பலர் பாவிக்கும் இரண்டுக்கு ஒன்று சரிவு முறை இங்கே உதவாது என்பதையும் கவனியுங்கள். அது கட்டிடத்தின் கீழே சராசரி அழுத்தத்தைத் தரும், பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சரியாகச் சொல்லாது.

விளிம்பின் நேர் கீழே 5 தொன்னில் பாதி, 2.5 தொன். ஒரு மீற்றர் வெளியே 1.1 தொன். இரண்டு மீற்றரில் 0.45, மூன்றில் 0.2, நாலில் 0.1. எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். இந்தச் செங்குத்தான வீழ்ச்சிதான் வீட்டை உடைக்கிறது. முழு வீடும் ஒரே அளவில் இறங்கினால் வாசற்படி கொஞ்சம் பதியும், அவ்வளவுதான். இங்கே கிட்டச் சுவர் இறங்குகிறது, அதிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி உள்ள அறைச் சுவர் அநேகமாக அசையவில்லை.

களியின் மென்மையை ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். மென்மைக்கும் இறுக்கத்துக்கும் இடைப்பட்ட களிக்கு, சதுர மீற்றருக்கு ஒரு தொன் கூடினால் ஒரு மீற்றர் தடிப்பு 4 மில்லிமீற்றர் இறங்கும் என்று வைப்போம். கிட்டச் சுவரில் 1.1 × 4 மீற்றர் × 4, சுமார் 18 மில்லிமீற்றர். விளிம்பிலிருந்து 4 மீற்றரில் உள்ள சுவரில் 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. மூன்று மீற்றர் நீளத்துக்குள் 16 மில்லிமீற்றர் வித்தியாசம், ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறில் ஒன்று.

1956 இல் பொறியியலாளர்களான ஸ்கெம்ப்டனும் மக்டொனால்டும் பல கட்டிடங்களைப் பார்த்துச் சொன்ன எல்லை இன்றும் பாவனையில் இருக்கிறது: முந்நூறில் ஒன்றில் சுவர்கள் வெடிக்கத் தொடங்கும், நூற்றைம்பதில் ஒன்றில் கட்டமைப்பே பாதிக்கும். நம் எண் இரண்டுக்கும் நடுவில். அதுவும் அந்த எல்லைகள் பெரும்பாலும் தூண்-பீம் கட்டிடங்களை வைத்து எடுத்தவை. கம்பியில்லாத சீமெந்துக் கல் சுவர், அதுவும் ஒரு நுனி கீழே வளையும்போது, அதைவிட முந்தியே வெடிக்கும். மூன்று மீற்றர் உயரச் சுவரில் முழு அசைவும் ஒரே வெடிப்பில் திறந்தால் அது மேலே 16 மில்லிமீற்றர் வரை போகும். ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் பூச்சுக்குரிய பிரச்சினை. ஐந்து வரை திருத்தலாம், மழைநீர் மட்டும் உள்ளே வரும். ஐந்திலிருந்து பதினைந்துக்குள் கதவு யன்னல் இறுகும், குழாய்கள் முறியலாம். அதற்கு மேலே போனால் லிண்டல் தாங்கும் இடத்தை முதலில் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மிச்சக் கதை.

இந்தக் காரணத்தை மற்றவற்றிலிருந்து பிரிப்பது காலம். களி தண்ணீரை மெதுவாக விடும், அதனால் இறக்கமும் மெதுவாகத்தான் வரும். மேலும் கீழும் தண்ணீர் வடியக்கூடிய 4 மீற்றர் களியில், களி இறுகும் வேகக் குணகம் ஆண்டுக்கு 2 சதுர மீற்றர் என்றால், முழுப் பாரமும் ஒரே நாளில் வந்தாலும் பாதி இறக்கத்துக்கு ஐந்து மாதம், தொண்ணூறு சதவீதத்துக்கு இருபது மாதம் எடுக்கும். எட்டு மாதத்தில் கட்டி முடித்த நம் உதாரணத்தில், கடைசிக் கொங்கிறீற் போட்ட நாளில் ஆணி காட்டுவது சுமார் 8 மில்லிமீற்றர்தான். ஆறு மாதம் கழித்து 13, ஒரு வருடம் கழித்து 15. கட்டிடம் திறந்து ரிப்பன் வெட்டி, ஆட்கள் போன பிறகுதான் பாதிக்கு மேலே நடக்கிறது. "கட்டிமுடித்து ஆறு மாதமாகிறது, இனி எங்களால் எப்படி வெடிக்கும்?" என்று கேட்பவருக்குப் பதில் இந்த வளைகோடுதான். மாதம் ஒருமுறை எடுத்த அளவைத் தாளில் குறித்தால், தொடக்கத்தில் சரிந்து பிறகு படிப்படியாகத் தட்டையாகும் கோடு வரும். கிடங்கு வெட்டியதும் கோடைச் சுருக்கமும் இந்தக் கோட்டைக் கீறாது.

அறிகுறி: ஒரு தூண்கூட எழும்பவில்லை, அதற்குள் வெடிப்பு

இரண்டு சாத்தியம். எத்தனை நாளில் வந்தது என்று பாருங்கள்.

அத்திவாரக் கிடங்கு வெட்டிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், குறிப்பாக ஒரு மழைக்குப் பிறகு திடீரென்று வந்தால் மண் பக்கவாட்டில் கிடங்குக்குள் நகர்ந்திருக்கிறது. வெடிப்புக்கு முன்பே சுவருக்கும் கிடங்குக்கும் இடையில் நிலத்தில், எல்லைக்குச் சமாந்தரமாக ஒரு நீளக் கீறல் தெரிந்திருக்கும். பழைய அத்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்து, கிடங்கு அந்தக் கோட்டை வெட்டினால் ஆபத்து. இதற்கு மாதக்கணக்கில் அளவெடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே கிடங்குச் சுவருக்கு அடியில் மண்மூட்டை அடுக்கிச் சாய்வாக முண்டுகொடுக்க வேண்டும், பிறகு துண்டுதுண்டாக மட்டும் வெட்டிக் கொங்கிறீற் போட வேண்டும். மாரியில், ஐப்பசி கார்த்திகையில், வன்னியில் எல்லை ஓரக் கிடங்கு திறந்து வைப்பதே தவறு.

கிடங்கு வெட்டவில்லை, கிரவல் மட்டும் நிரப்பினார்கள் என்றால், காரணம் அந்தக் கிரவல்தான். வெள்ளம் ஏறாமல் காணியை ஒரு மீற்றர் உயர்த்துவதை யாரும் பாரமென்று எண்ணுவதில்லை. இறுக்கிய கிரவல் ஒரு கன மீற்றர் சுமார் 1.8 தொன். ஒரு மீற்றர் நிரப்பு என்பது ஒன்றரை மாடி. அது எல்லை வரை வருகிறது, காணி முழுதும் பரந்திருக்கிறது, ஆகவே அதன் குமிழ் கட்டிடத்தின் குமிழைவிடப் பெரியது. மேலே சொன்ன அதே வளவில், எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிய சுவருக்கு நிரப்பு மட்டும் 0.4 தொன் கொடுக்கும், அதாவது 6 மில்லிமீற்றர் இறக்கம். கட்டிடத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பாரம் கணக்கெடுக்கும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தில் நிரப்பு ஒரு கோடாகத்தான் இருக்கும்.

அறிகுறி: கிணறு வற்றுகிறது, வெடிப்பும் சேர்ந்து வருகிறது

புது அத்திவாரம் அல்லது நிலக்கீழ்த் தாங்கி வெட்டும்போது இரவுபகலாகத் தண்ணீர் இறைப்பார்கள். நிலத்தடி நீர் ஒரு மீற்றர் இறங்கினால் களியின்மேல் உண்மையில் விழும் பாரம் சதுர மீற்றருக்கு ஒரு தொன் கூடும். மேலே கணக்கிட்ட நாலு மாடி நம் சுவருக்குக் கீழே கொடுத்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோடையில் கிணறு ஒவ்வொரு வருடமும் இறங்குகிறது, வீடு வெடிப்பதில்லை. அந்த அளவு வரை களி முன்பே நசுங்கிப் பழகிவிட்டது. கிணற்றில் வழக்கமான கோடை அடிமட்டத்துக்கும் கீழே தண்ணீர் போனால்தான் புது நசுக்கம். கிணற்றுச் சுவரில் பாசிபடிந்த கறைக் கோடுகளும் வீட்டில் வயதானவர்களின் ஞாபகமும் அந்த அடிமட்டத்தைக் காட்டும். இறைப்பு நடக்கும் நாட்களில் காலை மாலை கிணற்று மட்டம் எழுதுங்கள். வெடிப்பு வேகம் இறைப்போடு கூடி, இறைப்பு நின்றதும் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. நீரிறக்கம் பரவலாக வருவதால் ஆணிகள் எல்லாம் இறங்கும், வீட்டுக்குள் ஆதாரம் வைத்த அளவு அதைக் காட்டாது. ஆகவே தூரத்து மதகு அல்லது பாலத்தின் கொங்கிறீற்றை ஆதாரமாக வைத்து நில அளவையாளர் மட்டக்கருவியால் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அறிகுறி: கோடையில் திறக்கிறது, மாரியில் மூடுகிறது

மன்னார்ப் பக்கம் முருங்கன் சூழலிலுள்ள கறுப்புக் களி காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் வீங்கும். வயல்களில் கோடையில் கால் நுழையும் வெடிப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மண் வீட்டின் கீழேயும் இருக்கிறது. ஆவணியில் 4 மில்லிமீற்றர், மார்கழியில் ஒன்று என்று மூச்சு விடும் வெடிப்புக்குப் பக்கத்துக் கட்டிடம் பொறுப்பல்ல. ஒரு முழு வருட அளவு இல்லாமல் இதைப் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தால் கோடு அலையாகப் போகும், ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் முந்தைய மார்கழியைவிட மேலே நிற்கும். அந்த ஏற்றம் மட்டும்தான் கட்டிடத்தின் பங்கு.

அறிகுறி: வெடிப்பே இல்லை, ஆனால் வீடு ஒரு பக்கம் போகிறது

அத்திவாரத்தின்மேல் கம்பி போட்ட பீம் சுற்றிவர ஓடும் வீடு உடையாமல் ஒரு பெட்டியைப் போலச் சாயும். தரையில் விழுந்த கோலிக்குண்டு எப்போதும் ஒரே சுவருக்கு ஓடும். குளியலறைத் தண்ணீர் வாய்க்காலுக்கு எதிரே தேங்கும். ஒன்பது மீற்றர் நீள வீட்டில் 18 மில்லிமீற்றர் என்பது ஐந்நூறில் ஒன்று, பழுதுபார்க்கவே தேவையில்லை. 250இல் ஒன்றைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எல்லை மதிலை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். நிரப்பிய கிரவல் மதிலைத் தள்ளினால் மதில் நம் பக்கம் சாயும். மண் இறங்கியதால் சாய்ந்தால் அவர்கள் பக்கம் சாயும்.

அறிகுறி: சாய்வது புதுக் கட்டிடம்

இரண்டு கனமான கட்டிடங்களை ஒரே காலத்தில் அருகருகே கட்டினால் நடு மண் இரண்டு பாரத்தையும் வாங்கும், இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். ஒன்று பல வருடம் முந்தியது என்றால் பழையது புதியதை நோக்கிச் சாயும். புதியதோ எதிர்ப் பக்கம் சாயும், ஏனென்றால் பழையதன் கீழே மண் ஏற்கெனவே இறுகிவிட்டது. ஒரு மாடி வீட்டின் பாரம் அப்படி இறுக்கப் போதாது. ஆகவே சின்ன வீட்டுக்குப் பக்கத்தில் நாலு மாடி சாய்ந்தால், அதன் தூண் பாரம் தட்டின் நடுவுக்கு வரவில்லையா, காணியின் ஒரு பாதி பழைய வாய்க்காலா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம், எது வீண்

கட்டத் தொடங்குமுன் என்றால் மிக மலிவான மருந்து தூரம். 1 மீற்றரில் 1.1 தொன், 3 மீற்றரில் 0.2. புது அத்திவாரத்தை இரண்டு மீற்றர் உள்ளே இழுத்து, மேல்மாடிகளை எல்லை வரை நீட்ட வேண்டுமென்றால் உள்தூணோடு பிணைத்த பீமில் நீட்டலாம். நீட்டிய பாரம் தட்டின் அந்த விளிம்பைக் கூடுதலாக அழுத்தும் என்பதைப் பொறியியலாளர் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்ததன் பயன் போய்விடும். காணி ஒடுக்கம் என்றால் களியைத் தாண்டிக் கடின மண்ணில் இருக்கும் துளையிட்ட பைல். அடித்து இறக்கும் பைல் வேண்டாம், அதிர்வு பழைய சுவருக்கு வேறு சேதம் தரும். மண் பரிசோதனைத் துளை எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். 12 மீற்றர் அகலக் கட்டிடத்துக்கு 5 மீற்றரில் நிறுத்திய துளை களியின் அடியையே பார்க்காமல் நின்றிருக்கலாம். அகலத்தின் ஒன்றரை மடங்கு, அல்லது தெளிவான கடின மண் அல்லது பாறை வரை போக வேண்டும். வவுனியாவில் பல இடங்களில் பாறை கிட்ட இருப்பதால் இது சீக்கிரம் முடியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது.

பாதி எழும்பிவிட்டது, அளவு ஏறுகிறது என்றால் அடுத்த மாடியை நிறுத்திவைப்பதே முதல் வேலை. பாரம் கூடாவிட்டால் கோடு தட்டையாகும், அந்தத் தட்டை எங்கே போய் நிற்கும் என்று கணித்த பிறகு மீதி மாடியைத் தீர்மானிக்கலாம்.

பழைய வீட்டின் பக்கம் வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது "அத்திவாரத்துக்குக் கீழே கொங்கிறீற் போட்டு உயர்த்துங்கோ" என்பது. நம் உதாரணத்தில் அது காசைக் களிக்குள் கொட்டுவது. பழைய அத்திவாரத்துக்குக் கீழே ஒன்றரை மீற்றர் கொங்கிறீற் இறக்கினாலும் அதன் அடி இன்னும் களியில்தான் நிற்கும், நசுங்குவது அதற்கும் கீழே. பழைய அத்திவாரத்தில் பலமில்லாததால் வீடு இறங்கவில்லை. அதன் பாரம் முன்பு போலத்தான் இருக்கிறது, கீழே உள்ள மண்ணை வேறொருவர் அழுத்துகிறார். அடிக்கொங்கிறீற் களியைத் தாண்டிக் கடின மண்ணைத் தொட்டால் மட்டும் பயன். கிடங்கு வெட்டியதால் மண் நகர்ந்த கேஸில் மட்டும் அது நேரான மருந்து. அப்போதும் ஒரு மீற்றர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டிப் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டை ஒரே நாளில் திறந்தால் சுவர் கையில் வரும்.

வெடிப்பை மூடும் நேரமும் அப்படித்தான். இறக்கம் ஓடும்போது சீமெந்தால் அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் புது வெடிப்பு வரும், சீமெந்து இழுவிசையைத் தாங்காது. அதுவரை மழை போகாமல் நெகிழும் சீலன்ற் மட்டும் பூசுங்கள். தொடர்ந்து மூன்று மாத அளவில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் மாற்றமில்லை என்றால், அந்த மூன்று மாதத்தில் ஒரு மாரியாவது அடங்கியிருந்தால், நிரந்தரத் திருத்தம் செய்யலாம். வெடிப்பின் இரு பக்கமும் அரை மீற்றர் வீதம் கல் இணைப்பைச் சுரண்டி, இரண்டு வரிக்கு ஒருமுறை 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பி வைத்து, சுருங்காத சாந்தால் நிரப்புங்கள். கதவு நிலையைச் சீவுவதைக் கடைசியாக வையுங்கள். முந்திச் சீவினால், சாய்வு நின்ற பிறகு அதற்குள் ஒரு புது இடைவெளி தெரியும்.